இறுகிப்போன வெல்லப்பாகு: பாத்திரத்திலிருந்தும் தரையிலிருந்தும் எடுப்பது எப்படி?

எவர்சில்வர் பாத்திரத்தில் வெல்லப்பாகு கல்லாக இறுகிவிட்டால் பெரும்பாலோரின் கை முதலில் கம்பி நாரைத் தேடும், அடுத்து கத்தியைத் தேடும். இரண்டுமே வேண்டாம். பாகு என்பது வெல்லமும் தண்ணீரும்தான். காய்ச்சும்போது தண்ணீர் வற்றியதால்தான் அது கெட்டியானது. வற்றிய தண்ணீரைத் திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு இறுகிய பாகும் கரைந்துவிடும். எனவே பாகைச் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை, கரைத்தாலே போதும். சர்க்கரைப் பாகுக்கும் இது அப்படியே பொருந்தும்.

எவ்வளவு தண்ணீர் தேவைப்படும் என்று தெரிந்தால் பாதிக் கவலை போய்விடும். சாதாரணச் சூட்டில் இருக்கும் 100 மில்லி தண்ணீரில் ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரை கரையும். கொதிக்கும் நிலைக்கு வந்துவிட்டால் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கரையும். பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருக்கும் பாகு பெரும்பாலும் நூறு, நூற்றைம்பது கிராமைத் தாண்டாது. ஒரு சொம்புத் தண்ணீர் அதற்கு மிகத் தாராளம். பச்சைத் தண்ணீரிலும் பாகு கரையும், ஆனால் ஓர் இரவு ஆகும். சூடான தண்ணீர் அதே வேலையைக் கால் மணி நேரத்தில் முடித்துவிடும்.

சோப்புக்கு இந்த வேலையில் பெரிய பங்கில்லை. எண்ணெய், நெய்ப் பிசுக்கைத் தண்ணீரோடு சேர்த்துக் கழுவிவிடுவது சோப்பின் வேலை. சர்க்கரை தண்ணீரில் தானாகவே கரைவதால் அதற்கு சோப்பின் துணை தேவையில்லை. பாகில் நெய் சேர்த்திருந்தால் மட்டும், பாகு முழுவதும் போன பிறகு கடைசியில் ஒருமுறை சோப்புப் போட்டால் போதும்.

பாகா, கருகலா?

வேலையைத் தொடங்கும் முன் உங்கள் பாத்திரத்தில் ஒட்டியிருப்பது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இறுகிய பாகும் கருகிய வெல்லமும் பார்வைக்கு ஒன்றுபோலக் கறுப்பாகத் தெரியலாம், ஆனால் இரண்டையும் எடுக்கும் முறை வேறு. இறுகிய பாகு தண்ணீரில் கரையும். கருகியது கரையாது. சூடு மிகுந்து, வெல்லம் கரியாகவே மாறிப்போனதுதான் கருகல்.

சோதிப்பது எளிது. ஆறிய பாத்திரத்தில் கால் டம்ளர் வெந்நீர் விட்டு ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு விரலால் அடியைத் தடவிப் பாருங்கள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறி, விரலுக்கு அடி வழுவழுவென்று இருந்தால் அது பாகு. தண்ணீர் நிறம் மாறாமல், அடி கறுப்பாகவும் சொரசொரப்பாகவும் இருந்தால் அது கருகல். பல பாத்திரங்களில் இரண்டுமே இருக்கும், மேலே பாகும் அதன் கீழே, அடுப்புத் தீ நேராகப் பட்ட வட்டத்தில் மட்டும் கருகலும். அப்படியிருந்தால் முதலில் பாகை முழுவதும் கரைத்து வெளியே ஊற்றிவிட்டு, பிறகு கருகலுக்குப் போக வேண்டும். பாகு மூடியிருக்கும் வரை, கருகலுக்காகப் போடும் எதுவும் அதன்மேல் படவே படாது.

பாத்திரத்தைச் சுத்தம் செய்தல்

என் அக்கா மகள் திருமணமாகித் தாம்பரம் பக்கம் தனிக்குடித்தனம் இருக்கிறாள். திருக்கார்த்திகைக்கு முதன்முறையாகப் பொரி உருண்டை பிடித்தாள். அரைக் கிலோ வெல்லத்தில் பாகு காய்ச்சியிருக்கிறாள். பொரியைப் போட்டுக் கிளறுவதற்குள் பாகு முறுகிவிட்டது. பாதியைக் கொட்டிக் கிளறி உருண்டை பிடித்துவிட்டு வந்து பார்த்தால், மீதிப் பாகு கரண்டியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறுகியிருக்கிறது. கிளறும் அவசரத்தில் ஒரு கரண்டிப் பாகு தரையிலும் சிந்தியிருக்கிறது. இரவு எட்டு மணிக்கு என்னைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“சித்தி, கரண்டியைத் தூக்கினால் பாத்திரமும் சேர்ந்து மேலே வருகிறது. பாத்திரம் வீணாகிவிட்டதா?”

“கரண்டியை இழுக்காதே அம்மா. அப்படியே இருக்கட்டும். முதலில் தரையில் சிந்தியதை யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்” என்றேன்.

அவளுக்குச் சொன்ன முறையையே இங்கே விரித்துச் சொல்கிறேன்.

பாத்திரம் இன்னும் சூடாக இருந்தால் அதில் பச்சைத் தண்ணீரை ஊற்றக் கூடாது. உருண்டைப் பதத்துக்கு வந்த பாகு 120 டிகிரி செல்சியஸுக்கும் மேலான சூட்டில் இருக்கும். கொதிக்கும் தண்ணீரைவிட அது சூடு. அதன்மேல் தண்ணீர் விழுந்தால் குபீரென்று ஆவி கிளம்பிப் பாகு கையிலும் முகத்திலும் தெறிக்கும். அடி கனமான பாத்திரமாக இருந்தால், திடீர்க் குளிர்ச்சியில் அடி வளைந்துபோகவும் வாய்ப்புண்டு. பிறகு அந்தப் பாத்திரம் அடுப்பில் சமமாக உட்காராது. வெளிப்புறத்தைத் தயங்காமல் தொடும் அளவுக்கு ஆறட்டும்.

ஆறிய பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். எவ்வளவு என்பதைப் பாகின் கனத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது, உயரத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பாகு பொங்கி மேலேறிய இடத்தில், பாத்திரத்தின் உட்சுவரில் ஒரு வளையம் படிந்திருக்கும். புதிதாகச் செய்பவர்கள் கவனிக்காமல் விடுவது இந்த வளையத்தைத்தான். அடியில் இருப்பது மட்டும் மூழ்கும்படி தண்ணீர் விட்டால் அடி சுத்தமாகிவிடும், வளையம் அப்படியே நிற்கும். அதைத் தேய்க்கப் போய்த்தான் பாத்திரத்தில் கீறல் விழுகிறது. வளையத்துக்கு மேலே ஒரு விரற்கடை வரை தண்ணீர் நிற்க வேண்டும். பாத்திரம் பெரிதாக இருந்து அவ்வளவு தண்ணீரைக் காய்ச்ச மனமில்லையென்றால், பாதி வரை விட்டுத் தட்டுப் போட்டு மூடிவிடுங்கள். உள்ளே சுழலும் ஆவி பட்டு மேலே உள்ள வளையம் இளகிக் கீழே வழிந்துவிடும். கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

மாட்டிக்கொண்ட கரண்டி உள்ளேயே இருக்கட்டும். அடுப்பைச் சிறு தீயில் வைத்துச் சூடாக்குங்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டிய தேவையில்லை, விளிம்பில் சிறு குமிழிகள் வந்தால் போதும். பெருந்தீயில் வைத்தால், அடியில் இன்னும் கரையாத பாகு நேரடியாகச் சூடேறிக் கருகத் தொடங்கும். எளிதாக முடிய வேண்டிய வேலை அப்போதுதான் கடினமாகிறது.

ஐந்தாறு நிமிடத்தில் கரண்டி அசையத் தொடங்கும். அசைந்ததும் அதைக்கொண்டே அடியை மெல்லத் துழாவுங்கள். இது முக்கியமானது. கரைந்த பாகு தண்ணீரைவிடக் கனம். அது அடியிலேயே தங்கி, மீதிப் பாகின்மேல் ஒரு போர்வையாகக் கிடக்கும். மேலே வெறும் தண்ணீரும் கீழே கெட்டிக் கரைசலும் பிரிந்து நின்றால் கரைவது மந்தமாகிவிடும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை துழாவினால் புதுத் தண்ணீர் அடியைத் தொடும். அடுப்பில்லாமல் இரவு முழுவதும் ஊற வைப்பவர்களும், படுக்கும் முன் ஒருமுறை கலக்கிவிட்டால் காலையில் வித்தியாசம் தெரியும்.

பத்துப் பதினைந்து நிமிடத்தில் அடி வழுவழுப்பாகிவிடும். கரண்டியின் விளிம்பால் தடவும்போது எங்கும் தட்டுப்படக் கூடாது. தட்டுப்படும் இடம் இருந்தால் இன்னும் ஐந்து நிமிடம் அடுப்பிலேயே விடுங்கள்.

அந்தத் தண்ணீர் வெல்லத் தண்ணீர்தான். கருகல் வாடை இல்லையென்றால் அதைக் கொட்ட எனக்கு மனம் வராது. வடிகட்டி, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டால் பானகம் ஆகிவிடும். அன்றைக்கே குடித்துவிட வேண்டும், மறுநாள் வரை வெளியில் வைத்தால் புளித்துவிடும். கொட்டுவதாக இருந்தால், கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு சிங்க்கில் ஊற்றி, கூடவே குழாயையும் சிறிது நேரம் திறந்துவிடுங்கள். சமையலறைக் கழிவுக் குழாய்கள் பெரும்பாலும் பிவிசிதான். கொதிக்கும் தண்ணீர் பட்டால் அது இளகும். கரையாத கெட்டிப் பாகைச் சூட்டோடு சிங்க்கில் சாய்ப்பது இன்னும் மோசம். குழாயின் குளிர்ந்த வளைவில் போய் அங்கேயே இறுகிவிடும்.

இனி பாத்திரத்தை வழக்கம்போலக் கழுவலாம். மூன்று இடங்களை மட்டும் தனியாகக் கவனியுங்கள். வாயின் மடிப்பு, கைப்பிடி ஆணியைச் சுற்றிய இடம், வெளிப்பக்கத்தில் பாகு வழிந்த கோடு. முதல் இரண்டுக்கும் பழைய பல்துலக்கும் பிரஷ் சரியாக இருக்கும். வெளியே வழிந்தது உள்ளே ஊற்றிய தண்ணீரில் கரையாது, எனவே பாத்திரத்தை ஓர் அகலமான அண்டாவிலோ வாளியிலோ வெந்நீர் விட்டுப் பத்து நிமிடம் இறக்கி வைக்க வேண்டும். வெளிப்பக்கப் பாகை விட்டுவிட்டு அடுத்த நாள் அடுப்பில் ஏற்றினால், அது தீயில் பட்டுக் கரியாகிவிடும்.

அடி கருகியிருந்தால்

பாகு கரைந்து போன பிறகும் கறுப்பு வட்டம் நிற்கிறதா? இப்போது சமையல் சோடா வேண்டும். ஆப்ப மாவில் போடுகிறோமே, அதே சோடாதான்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சோடா என்ற கணக்கில் போட்டு அடுப்பில் வையுங்கள். சூடேறும்போது நுரைத்து எழும், அதனால் பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். கொதிக்கும்போது சமையல் சோடா கரியமில வாயுவை விட்டுவிட்டுச் சலவைச் சோடாவாக மாறுகிறது. கரிப் படலத்தைத் தளர்த்தும் காரம் அதில்தான் இருக்கிறது. அதனால்தான் சோடாவைப் பச்சைத் தண்ணீரில் கலந்து ஊற வைப்பதால் பெரிய பயன் கிடைப்பதில்லை. பதினைந்து நிமிடம் கொதித்ததும் அடுப்பை அணைத்து, ஆறும் வரை அப்படியே விடுங்கள். ஓரிரவு கிடந்தால் இன்னும் நல்லது.

ஆறிய பிறகு, தட்டையான மரக்கரண்டியால் கறுப்பு வட்டத்தின் ஓரத்திலிருந்து உள்நோக்கித் தள்ளுங்கள். நடுவில் குத்த வேண்டாம், ஓரம்தான் முதலில் பெயரும். வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம், கரி பொடியாக உதிராமல் சிறு சிறு தகடுகளாக எழும்புவது. அப்படி எழும்பாவிட்டால் பலம் காட்டாமல் தண்ணீரை மாற்றி, புதிதாகச் சோடா போட்டு இன்னொரு முறை கொதிக்க வையுங்கள். மிக மோசமாகக் கருகிய அடிக்கு இரண்டு மூன்று சுற்று தேவைப்படும்.

கடைசியில் சில புள்ளிகள் மிஞ்சும். சோடாவில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, புள்ளிகள்மேல் அப்பி, நைலான் நாரால் தேயுங்கள். கிராமத்து வீடுகளில் விறகுச் சாம்பலும் தேங்காய் நாரும் இதே வேலையைத்தான் செய்தன. சாம்பலிலும் காரம் உண்டு, நுண்ணிய மணலின் உராய்வும் உண்டு. சலித்த சாம்பல் கிடைத்தால் இன்றைக்கும் பயன்படுத்தலாம்.

கத்தியும் கம்பி நாரும் ஏன் ஆகாது என்றால், அவை விட்டுச்செல்லும் கீறல்களால்தான். கீறல் விழுந்த அடியில் அடுத்த முறை காய்ச்சும் பாகு அந்தக் கோடுகளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். அங்கேதான் முதலில் கருகும். ஒருமுறை கத்தியால் சுரண்டிய பாத்திரம் ஒவ்வொரு முறையும் அடிபிடிக்கிறது என்று பலர் சொல்வதற்கு இதுவே காரணம். உப்பைத் தண்ணீரில் போட்டு எவர்சில்வரில் ஊற வைப்பதையும், குளியலறைக்கு வாங்கிய பிளீச்சிங் திரவத்தை ஊற்றுவதையும் தவிருங்கள். இரண்டிலும் உள்ள குளோரைடு, எஃகின் மேல் ஊசிமுனை அளவுக் குழிகளை உண்டாக்கும். அந்தக் குழிகளைச் சரிசெய்ய வழியே இல்லை.

இந்தச் சோடா முறை எவர்சில்வருக்கு மட்டும்தான். அலுமினியப் பாத்திரத்தில் சோடா போட்டுக் கொதிக்க வைத்தால் உலோகம் கறுத்துவிடும். நான்ஸ்டிக் பாத்திரத்துக்கு வெந்நீரில் ஊற வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எல்லாம் போன பிறகு அடியில் நீலமும் மஞ்சளும் கலந்த வானவில் நிறம் தெரிந்தால் பதற வேண்டாம். அது அழுக்கு அல்ல, எஃகு மிகுந்த சூடு பட்டதன் சாயல். அரை மூடி எலுமிச்சம்பழத்தால் தேய்த்துக் கழுவினால் மறையும். உப்புத் தண்ணீர்ப் பகுதிகளில் கொதிக்க வைத்த பாத்திரத்தில் படியும் வெண்புள்ளிகளுக்கும் அதே எலுமிச்சை போதும்.

தரையில் சிந்தியது: சூடாக இருக்கும்போது

பாத்திரம் காத்திருக்கும், தரை காத்திருக்காது. பாகு சிந்தியதும் அடுப்பை அணையுங்கள். பிள்ளைகளையும் வயதானவர்களையும் சமையலறைக்கு வெளியே அனுப்புங்கள். சிந்திய இடத்தின்மேல் ஒரு அகலமான தாம்பாளத்தையோ முறத்தையோ கவிழ்த்து வைத்தால் யாரும் தெரியாமல் மிதிக்க மாட்டார்கள். பிறகு எதையும் செய்யாமல் காத்திருங்கள்.

சூடான பாகை ஈரத்துணியால் துடைக்க முயல்வதுதான் பலரும் செய்வது. பாகு துணியில் ஒட்டும், துணியோடு இழுபட்டு நாலு மடங்கு பரப்புக்கு மெல்லிய படலமாகப் பரவும், துணியைத் தாண்டிக் கையையும் சுடும். உள்ளங்கை அளவுக்குக் கிடந்தது, துடைத்த பிறகு ஒரு மனைப்பலகை அளவுக்கு ஆகிவிடும். தொடாமல் விட்டால் இருபது நிமிடத்தில் தானாக இறுகும். இறுகியதை எடுப்பது எளிது.

பாகு தோலில் பட்டுவிட்டால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைப் பாருங்கள். வெந்நீர் பட்டால் வழிந்து ஓடிவிடும், பாகு தோலிலேயே ஒட்டிச் சுட்டுக்கொண்டே இருக்கும். உடனே குழாயடிக்குப் போய், ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். வீங்குவதற்குள் வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். ஒட்டிய பாகைப் பிய்க்கக் கூடாது, தோலும் சேர்ந்து வரும். ஓடும் தண்ணீரிலேயே அது கரைந்து போகும். ஐஸ் வைப்பது, பேனா மை, பற்பசை, வெண்ணெய் தடவுவது எதுவும் வேண்டாம். கொப்புளம் கிளம்பினாலும், முகத்திலோ கையிலோ மூட்டிலோ பட்டிருந்தாலும், சிறு பிள்ளையாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

தரை: இறுகிய பிறகு

பாத்திரத்தில் தண்ணீரில் தொடங்கினோம். தரையில் அதற்கு நேர்மாறு, முதலில் உலர்ந்த வேலை, பிறகுதான் தண்ணீர். பாத்திரத்தில் கரைந்த பாகு உள்ளேயே நிற்கும், கவிழ்த்துக் கொட்டிவிடலாம். தரையில் கரைத்தால் அது நாலா பக்கமும் ஓடும், டைல்ஸ் இடுக்கில் இறங்கும், அலமாரிக்கு அடியில் போகும். அதனால் திடமாக இருக்கும்போதே எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவையும் எடுத்துவிட வேண்டும்.

நன்றாக இறுகிய பாகு கண்ணாடித் துண்டு உடைவதுபோலச் சில்லுச் சில்லாக உடையும். காலாவதியான பிளாஸ்டிக் அட்டை ஒன்றையோ மரத் தோசைத்திருப்பியையோ எடுத்து, தரையோடு தரையாகச் சாய்த்து, பாகின் ஓரத்துக்கு அடியில் செலுத்துங்கள். பின்பக்கத்தை உள்ளங்கையால் மெல்லத் தட்டுங்கள். டைல்ஸாக இருந்தால் ‘டிக்’கென்று ஒரு சத்தத்தோடு பெரிய துண்டாகவே பெயர்ந்து வரும். சில்லுகளை உடனுக்குடன் உலர்ந்த துடைப்பத்தால் கூட்டி அள்ளிவிடுங்கள். அவற்றின் முனை கூர்மையாக இருக்கும், வெறுங்காலோடு அங்கே நிற்க வேண்டாம்.

கார்த்திகை மாதத்தில் ஒரு சிக்கல் உண்டு. அது மழைக்காலம். வெல்லத்தில் சர்க்கரையோடு குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்திருப்பதால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சிந்திய பாகை இரவு முழுவதும் விட்டுவிட்டால் காலையில் மேற்புறம் மெழுகாகி, உடையாமல் இழுபடும். ஆகவே இறுகிய அரை மணி நேரத்துக்குள் சில்லெடுத்துவிடுவது நல்லது. ஏற்கெனவே இளகிவிட்டதென்றால், ஐஸ் கட்டிகளை பிளாஸ்டிக் பையில் போட்டு நன்றாகக் கட்டி, வெளிப்புற ஈரத்தைத் துடைத்துவிட்டு, பாகின்மேல் ஐந்து நிமிடம் வையுங்கள். குளிர்ந்ததும் மறுபடி முறியும் பதத்துக்கு வரும். அப்போதும் வராவிட்டால் சில்லெடுப்பதை விட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடலாம்.

மிஞ்சிய படலத்துக்கு ஒத்தடம்தான் வழி. பழைய பருத்தித் துண்டை நான்காக மடித்து, கை பொறுக்கும் அளவுக்குச் சூடான தண்ணீரில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, பாகின்மேல் விரித்துவிடுங்கள். அதன்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்தால் சூடு இறங்காமல் நிற்கும். பத்து நிமிடம் கழித்துத் துண்டை எடுத்துப் பாருங்கள், அடிப்பக்கம் பழுப்பாகியிருக்கும். வெல்லம் துண்டுக்கு ஏறிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அதே துண்டைத் திரும்பப் போடாமல், முதலில் ஒரு வாளியில் அலசி, பிறகு இன்னொரு வாளியிலுள்ள சுத்தமான வெந்நீரில் நனைத்துப் போட வேண்டும். அலசவும் நனைக்கவும் ஒரே வாளி என்றால், கரைத்து எடுத்த வெல்லத்தையே மறுபடி தரையில் பூசியதாக ஆகும்.

இரண்டு மூன்று ஒத்தடத்துக்குப் பிறகு துடைக்கத் தொடங்குங்கள். துணியை வெளியிலிருந்து நடுவை நோக்கி இழுங்கள். நடுவிலிருந்து வெளியே தள்ளினால் சுத்தமான தரையும் பிசுபிசுக்கும். டைல்ஸ் இடுக்குகளில் வெந்நீர் தொட்ட பிரஷால் கோட்டின் போக்கிலேயே தேய்த்து, இறங்கிய தண்ணீரை உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.

அக்கா மகளுக்கு டைல்ஸ் தரை. ஒரு கரண்டிப் பாகில் முக்கால்வாசி சில்லாகவே வந்துவிட்டது. மிச்சத்துக்கு இரண்டு ஒத்தடம் போதுமாக இருந்தது. அடுப்பு மேடையிலிருந்து வழிந்த ஒரு கோடு சிலிண்டர் வளையத்துக்கு அடியில் போயிருந்ததை மட்டும் அவள் பார்க்கவில்லை. மறுநாள் எறும்புச் சாரிதான் அதைக் காட்டிக்கொடுத்தது. சிந்திய இடத்தைச் சுற்றி மேடையின் முகப்பு, அலமாரிக் கதவின் கீழ்விளிம்பு, சிலிண்டரின் அடி, குளிர்ப்பெட்டியின் கால் ஆகியவற்றை டார்ச் அடித்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரு பொட்டுப் பாகு மூன்றடி தள்ளிக்கூடத் தெறித்திருக்கும்.

எந்தத் தரைக்கு எது ஆகாது

டைல்ஸுக்கும் கிரானைட்டுக்கும் மேலே சொன்ன முறை அப்படியே பொருந்தும். மார்பிள், மொசைக், கடப்பா கல் ஆகிய மூன்றுக்கும் ஒரு கூடுதல் எச்சரிக்கை உண்டு. எலுமிச்சை, வினிகர், புளி எதையும் இவற்றின்மேல் படவிடாதீர்கள். மார்பிளும் கடப்பாவும் சுண்ணாம்பு வகைக் கற்கள், மொசைக்கில் இருப்பதும் மார்பிள் துண்டுகள்தான். புளிப்பு பட்ட இடத்தில் மெருகு போய் வெளுத்த திட்டு விழும். அது கறை அல்ல, கல்லே அரிக்கப்பட்டது. கழுவினால் போகாது, மறுபடி மெருகேற்றத்தான் வேண்டும். கறுப்புக் கடப்பாவில் அந்த வெளுப்பு இன்னும் பளிச்சென்று தெரியும். பாகை எடுக்கப் புளிப்பு எந்த விதத்திலும் தேவையில்லை என்பதால் வெந்நீரோடு நிறுத்திக்கொள்வதில் இழப்பொன்றும் இல்லை.

சிமெண்ட் தரை, சிவப்பு ஆக்ஸைடு தரை, ஆத்தங்குடிக் கல் ஆகியவற்றின் இயல்பு வேறு. இவற்றில் நுண்துளைகள் உண்டு. வெல்லத் தண்ணீர் தேங்கி நின்றால் உள்ளிறங்கிப் பழுப்புச் சாயம் விடும். இங்கே ஒத்தடத்தை ஐந்து நிமிடத்துக்கு மேல் வைக்காமல், ஒவ்வொரு முறையும் உலர்ந்த துணியால் ஒற்றிவிட்டு அடுத்ததைப் போடுங்கள். முறை கூடும், ஆனால் சாயம் இறங்காது. கம்பி நாரை எந்தத் தரையிலும் பயன்படுத்த வேண்டாம். அதிலிருந்து உதிரும் இழைகள் ஈரத்தில் துருப்பிடித்து, பாகு போன இடத்தில் துருக்கறையை விட்டுச்செல்லும்.

முடிந்ததா என்று எப்படி அறிவது?

கண்ணை நம்பிவிட வேண்டாம். ஈரமாக இருக்கும்போது தரை சுத்தமாகவே தெரியும். நன்றாக உலரவிட்டு, உள்ளங்கையை அழுத்தி வைத்து எடுங்கள். எடுக்கும்போது தோல் லேசாகப் பிடித்து, சின்னச் சத்தத்தோடு விடுபட்டால் இன்னும் வெல்லப் படலம் இருக்கிறது. சுத்தமான வெந்நீரில் நனைத்த புதுத் துணியால் இன்னும் இரண்டு முறை துடைத்து, மறுபடி உலரவிட்டுச் சோதியுங்கள். பாகில் நெய் இருந்திருந்தால் கடைசித் துடைப்புக்கு முன் ஒருமுறை சோப்புத் தண்ணீர், அதன் பிறகு வெறும் தண்ணீர். சோப்பும் தரையில் தங்கினால் பிசுபிசுக்கும் என்பதால், அதைப் பாகு என்று எண்ணி ஏமாறாமல் இருக்க இந்த வெறும் தண்ணீர்த் துடைப்பு தேவை.

எறும்பு வந்துவிட்டால் மருந்துத்தூளைத் தேடும் முன், சாரி எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். நீங்கள் விட்ட பாகு அங்கேதான் இருக்கும். அதை வெந்நீரால் எடுத்துவிட்டு, எறும்பு நடந்த தடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். அவை விட்டுச்சென்ற மணத்தடம் அழிந்துவிடும், பின்னால் வருபவை வழி தவறிக் கலைந்துவிடும்.

துடைத்த துணி, ஒத்தடத் துண்டு, பிரஷ், துடைப்பத்தின் நுனி எல்லாவற்றிலும் இப்போது வெல்லம் ஏறியிருக்கும். அவற்றை ஒரு வாளி வெந்நீரில் பத்து நிமிடம் ஊற வைத்து, தண்ணீர் நிறமில்லாமல் வரும் வரை அலசி, வெயில் இல்லாத நாளானாலும் காற்றாடக் கொடியில் போட்டுவிடுங்கள். அலசாத துணியால் மறுநாள் வீட்டைத் துடைத்தால் சமையலறையோடு போயிருக்க வேண்டிய பிசுக்கு கூடம் வரை வந்துவிடும்.